2,500-ஆ, 3,500-ஆ: வாடிக்கையாளரின் வாழ்நாள் மதிப்பைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: நாங்கள் ஆண்டுச் சந்தாவில் ஒரு மென்பொருள் சேவை நடத்துகிறோம். சந்தா 2,400, முன்கூட்டியே வாங்கிவிடுவோம். ஒரு வாடிக்கையாளருக்கு ஆகும் செலவு போக ஆண்டுக்கு 1,000 நிற்கிறது. போன வருட ஆரம்பத்தில் இருந்த 500 பேரில் 400 பேர் புதுப்பித்தார்கள், அதாவது 80%. தள்ளுபடி விகிதம் 12% என்று வைத்திருக்கிறோம். வாழ்நாள் மதிப்பு ஒரு சூத்திரத்தில் 2,500 வருகிறது, இன்னொன்றில் 3,500 வருகிறது. புதிதாக ஒருவரைச் சேர்க்க எங்களுக்கு 2,900 செலவாகிறது. ஒரு கணக்குப்படி நஷ்டம், இன்னொன்றின்படி லாபம். எதை நம்புவது?

பதில்: இரண்டு சூத்திரங்களுமே சரிதான். ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. நீங்கள் போட்டிருப்பது இவையாகத்தான் இருக்கும்:

```
அ)  m × r / (1 + d − r)        = 1000 × 0.80 / 0.32 = 2,500
ஆ)  m × (1 + d) / (1 + d − r)  = 1000 × 1.12 / 0.32 = 3,500
```

இதில் m ஆண்டு மார்ஜின், r தக்கவைப்பு விகிதம், d தள்ளுபடி விகிதம். (தள்ளுபடி என்றதும் விலையில் குறைத்துக் கொடுப்பது நினைவுக்கு வரும். இங்கே அது அதுவல்ல. நாளைக்கு வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரக் கழிக்கும் விகிதம்.)

இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 1,000, அதாவது ஒரு வருட மார்ஜின். இது தற்செயல் இல்லை. எந்த r, எந்த d போட்டாலும் இரண்டுக்கும் இடையில் ஒரு m-தான் நிற்கும். காரணம், (ஆ) வாடிக்கையாளர் சேரும் நாளிலேயே கட்டும் முதல் சந்தாவையும் சேர்த்து எண்ணுகிறது. (அ) அதை விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து வரும் முதல் புதுப்பித்தலிலிருந்து தொடங்குகிறது. ஏற்கெனவே சந்தா கட்டிவிட்ட ஒருவரிடமிருந்து இனிமேல் எவ்வளவு வரும் என்று கேட்டால் (அ)தான் பொருந்தும். புதியவர் ஒருவரைச் சேர்க்க 2,900 செலவழிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. அவர் கட்டப்போகும் முதல் சந்தாவும் அந்தச் செலவின் பலன்தான். ஆகவே உங்களுக்கு (ஆ), அதாவது 3,500.

இதோடு முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் கணக்கில் உண்மையான சிக்கல் சூத்திரத்தில் இல்லை, அந்த 80%-இல் இருக்கிறது. அதற்குப் போகும் முன் சூத்திரத்தை ஒருமுறை பிரித்து வருடவாரியாகப் போட்டுப் பாருங்கள். 3,500 எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் பின்னால் சொல்வது பிடிபடும்.

ஒரு வருடம் கழித்து வரும் 1,000 இன்றைய மதிப்பில் 893 (1,000 ÷ 1.12). அது வருவதற்கான வாய்ப்பு 80% என்பதால் 714. அதற்கடுத்த வருடம் அதே இரண்டு குறைப்பும் மறுபடி ஒருமுறை. ஆக ஒவ்வொரு வருடமும் முந்தையதை 0.80 ÷ 1.12, அதாவது 0.714 ஆல் பெருக்கிக்கொண்டே போகிறோம். எக்ஸெல்லில் B1-இல் மார்ஜினும் B2-இல் தக்கவைப்பு விகிதமும் B3-இல் தள்ளுபடி விகிதமும் வைத்து, A6-இலிருந்து கீழே 0, 1, 2 என்று வருடங்களை எழுதுங்கள். பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=$B$1*($B$2/(1+$B$3))^A6
```

முதல் ஆறு வரிகள் 1,000, 714, 510, 364, 260, 186 என்று வரும். நாற்பது வரிகள் இழுத்துக் கூட்டினால் 3,500-ஐத் தொட்டுவிடும். இந்தக் கூட்டுத்தொகையும் (ஆ) சூத்திரமும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பிசகியிருக்கிறது. பெரும்பாலும் வருட எண்ணை 0-க்குப் பதில் 1-இல் தொடங்கியிருப்பீர்கள். இன்னொரு சோதனையும் உண்டு. B3-இல் பூஜ்யம் போட்டால் சூத்திரத்தின் விடை 5,000 ஆக வேண்டும். ஏனென்றால் 80% தக்கவைப்பு என்றால் ஒருவர் சராசரியாக ஐந்து சந்தா கட்டுகிறார். 5,000-ஐ மதிப்பென்று சொல்லிக்கொண்டு செலவழிப்பவர்கள் நிறையப் பேர். அது பணத்தின் காலமதிப்பைக் கழிக்காத தொகை.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஐந்து சந்தாக்களின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் 2,849-தான். உங்கள் 2,900 இன்னும் திரும்பவில்லை. ஆறாவது சந்தாவில்தான், அதாவது ஐந்தாம் ஆண்டு முடிவில் நடக்கும் புதுப்பித்தலில்தான், போட்ட பணம் திரும்புகிறது. 600 லாபம் என்று காகிதத்தில் தெரிவது முழுக்க அந்தப் புதுப்பித்தலையும் அதற்குப் பின்னால் வரும் வருடங்களையும் நம்பி நிற்கிறது. அவ்வளவு தூரத்து வருடங்களை அந்த ஒற்றை 80% சரியாகச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

80%-ஐ எடுத்த விதம் சரி. வருட ஆரம்பத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பார்த்திருக்கிறீர்கள், இடையில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கலக்கவில்லை. (120 பேர் புதிதாக வந்திருந்தால் வருடக் கடைசியில் 520 பேர் இருப்பார்கள். 520 ÷ 500 என்று போட்டு 104% தக்கவைப்பு என்று வைத்தால் என்ன ஆகும்? 12% தள்ளுபடியில் விடை 14,000-ஆகக் கொழுத்துவிடும்.) ஆனால் அந்த 500 பேரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. அவர்களைச் சேர்ந்த வருடப்படி பிரியுங்கள். உங்கள் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சந்தா வியாபாரத்தில் வழக்கமாகத் தென்படும் வடிவம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

| எத்தனையாவது புதுப்பித்தல் | ஆரம்பத்தில் | புதுப்பித்தவர் | விகிதம் |
|---|---|---|---|
| முதல் | 100 | 60 | 60% |
| இரண்டாவது | 50 | 39 | 78% |
| மூன்றாவதும் அதற்குப் பிறகும் | 350 | 301 | 86% |
| மொத்தம் | 500 | 400 | 80% |

மொத்தம் அதே 80%. ஆனால் அந்த 80% பெரும்பாலும் பழைய ஆட்களின் விகிதம். புதியவர் எவருக்கும் அது பொருந்தவில்லை. விகிதம் வருடாவருடம் ஏறுவதற்குச் சேவை நாளுக்கு நாள் நன்றாகிறது என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. சேரும் கூட்டத்தில் சும்மா முயன்று பார்க்க வந்தவர்களும் உண்மையாகவே தேவைப்பட்டு வந்தவர்களும் கலந்தே இருக்கிறார்கள். முதல் வகை முதல் வருடத்திலேயே கழன்றுவிடும், மிஞ்சுவது இரண்டாவது வகை. சலித்த பிறகு சல்லடையில் நிற்பதை எண்ணிவிட்டு, கொட்டும்போது இருந்ததும் அதுதான் என்று சொல்ல முடியாது. சந்தைப்படுத்தல் பேராசிரியர்களான பீட்டர் ஃபேடரும் புரூஸ் ஹார்டியும் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் ஒற்றைச் சராசரி விகிதம் போட்டால் ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்களின் மதிப்பு குறைவாகத் தெரியும் என்று காட்டினார்கள்.

மேலே உள்ள விகிதங்களை வைத்துப் புதியவர் ஒருவரின் மதிப்பைப் போடுவோம். சேரும் நாளில் 1,000, இதில் சந்தேகமில்லை. முதல் புதுப்பித்தல் 0.60 × 1,000 ÷ 1.12, அதாவது 536. இரண்டாவது புதுப்பித்தல் வரை நிலைப்பதற்கான வாய்ப்பு 0.60 × 0.78, அதாவது 0.468. அங்கிருந்து விகிதம் 86%-இல் நிலைத்துவிடுவதால் மறுபடி (ஆ) சூத்திரத்தையே அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்: 1,000 × 1.12 ÷ (1.12 − 0.86) = 4,308. ஆனால் இது இரண்டு வருடம் கழித்து இருக்கும் மதிப்பு. அதை 1.12-இன் இருபடியான 1.2544 ஆல் வகுத்து, 0.468 ஆல் பெருக்கினால் 1,607. மூன்றையும் கூட்டினால் 3,143.

3,500 இப்போது 3,143 ஆகிவிட்டது. 2,900 செலவழித்தால் மிஞ்சுவது 600 இல்லை, 243. அதே சமயம் பழைய வாடிக்கையாளரின் பக்கம் கணக்கு ஏறுகிறது. இரண்டு முறைக்கு மேல் புதுப்பித்து, இந்த வருடச் சந்தாவையும் கட்டிவிட்ட ஒருவரிடமிருந்து இனி வரப்போவதற்கு (அ) சூத்திரம் 86%-இல் 3,308 என்கிறது. ஒற்றைச் சராசரி அவரை 2,500 என்று மதிப்பிட்டிருந்தது. அவர் விலகப் பார்த்தால் அவரை நிறுத்திவைக்க எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவு செய்யும்போது இந்த 808 வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

உங்கள் நிஜ எண்களில் முதல் வருட விகிதம் இதைவிட நன்றாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அதில் ஒரு தடுமாற்றம் இருக்கும். 100 பேரில் 60 பேர் என்பது சிறிய கூட்டம். உண்மையான விகிதம் 60-ஆகவே இருந்தாலும், வெறும் தற்செயலால் ஒரு வருடம் 50-உம் இன்னொரு வருடம் 70-உம் காட்டலாம். மற்றவற்றை அப்படியே வைத்து முதல் புதுப்பித்தலை மட்டும் மாற்றினால், 50%-இல் மதிப்பு 2,786, 70%-இல் 3,500. அதாவது நஷ்டமும் நல்ல லாபமும் ஒரே தரவுக்குள் இருக்கின்றன. அதனால் எதை நம்புவது என்று ஒரு தொகையைத் தேடுவதைவிட, எந்த விகிதத்தில் சமன் ஆகும் என்று தேடுவது பயனுள்ளது. முதல் சந்தாவுக்குப் பிறகு வருவது எல்லாமே முதல் புதுப்பித்தல் விகிதத்தோடு நேராக ஏறி இறங்கும். 60%-இல் அது 2,143. நமக்குத் தேவை 2,900 − 1,000 = 1,900. ஆக 0.60 × 1,900 ÷ 2,143, அதாவது ஏறத்தாழ 53%. புதிதாகச் சேர்ந்த நூறு பேரில் குறைந்தது 54 பேர் முதல் முறை புதுப்பிக்காவிட்டால், அந்த 2,900 திரும்பாது.

இனி நீங்கள் கேட்காத மூன்று இடங்கள். இங்கேதான் பலருடைய தாளில் பிழை ஒளிந்திருக்கிறது.

மார்ஜின் என்ற 1,000-க்குள் என்ன கழித்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். சர்வர் செலவு, பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷன், உதவி மையத்தின் நேரம், புதுப்பித்தலுக்கென்று தரும் சலுகை, நினைவூட்டல் விளம்பரம் எல்லாம் கழிய வேண்டும். வாடகையும் கணக்காளரின் சம்பளமும் இங்கே கழியக் கூடாது; ஒரு வாடிக்கையாளர் கூடினாலும் குறைந்தாலும் அவை மாறாது. சேர்க்கும் செலவான 2,900-ஐயும் ஒருமுறைதான் கழிக்க வேண்டும், மார்ஜினிலும் கொஞ்சம் கடைசியிலும் கொஞ்சம் என்று இரட்டிக்கக் கூடாது. சேரும்போது முதல் வருடத்துக்கு மட்டும் ஏதாவது குறைத்துக் கொடுத்தால், அந்தத் தொகையை விடையிலிருந்து நேராகக் கழித்துவிடுங்கள், m-ஐ மாற்ற வேண்டாம். மார்ஜினுக்குப் பதிலாக 2,400-ஐயே போட்டால் 8,400 வரும். அந்த எண்ணை நம்பி விளம்பரச் செலவை ஏற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

12% என்ற தள்ளுபடி விகிதத்துக்குள் வாடிக்கையாளர் விலகும் அபாயத்தையும் சேர்த்து உயர்த்தி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அதை இரண்டு முறை கழிக்கிறீர்கள். விலகுவதை r பார்த்துக்கொள்கிறது. d என்பது உங்கள் முதலுக்கு ஆகும் செலவு மட்டும்: கடனுக்கு வட்டி, முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய். பணவீக்கத்தையும் உள்ளடக்கிய விகிதம்தான் அது என்றால், மார்ஜின் எப்போதும் 1,000-ஆகவே நிற்கும் என்று சொல்வது நீங்கள் விலையை ஏற்றவே மாட்டீர்கள் என்று சொல்வதாகும். வருடம் g விகிதம் மார்ஜின் உயரும் என்று உறுதியாகத் தெரிந்தால் (ஆ) சூத்திரத்தில் உள்ள r-ஐ r × (1 + g) ஆக்கிக்கொள்ளலாம். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், தப்பு மதிப்பைக் குறைத்துக் காட்டும் பக்கமே இருக்கட்டும். 12-ஆ 13-ஆ என்று மணிக்கணக்கில் விவாதிப்பதும் வீண். உங்கள் எண்களில் தள்ளுபடி விகிதம் 5 புள்ளி ஏறினால் 3,500 என்பது 3,162 ஆகும். தக்கவைப்பு 5 புள்ளி இறங்கினால் 3,027 ஆகும். கவனம் போக வேண்டிய இடம் எது என்று இதிலேயே தெரிகிறது.

மூன்றாவது, மாதச் சந்தா. பின்னால் அதற்கு மாறும் எண்ணம் இருந்தால் r-உம் d-உம் m-உம் மூன்றுமே மாதத்துக்கு மாற வேண்டும். 80%-க்கு ஈடான மாதத் தக்கவைப்பு 0.80-இன் பன்னிரண்டாம் மூலம், அதாவது 98.16%. விலகும் 20%-ஐ 12 ஆல் வகுத்து மாதம் 1.67% விலகுகிறார்கள் என்று போட்டால், வருடக் கடைசியில் 80% இல்லாமல் 81.7% மிஞ்சும். 12% தள்ளுபடி மாதத்துக்கு 0.95% ஆகும். எக்ஸெல்லில் இப்படி:

```
=B2^(1/12)
=(1+B3)^(1/12)-1
```

மாத மார்ஜின் 83.33-ஐ வைத்து (ஆ) சூத்திரத்தைப் போட்டால் 3,014 வருகிறது. அதே வாடிக்கையாளர், அதே விகிதங்கள், ஆனால் ஆண்டுச் சந்தாவைவிட 486 குறைவு. பணம் தாமதமாக வருவது ஒரு காரணம், வருடத்தின் நடுவிலேயே விலகும் வழி திறந்துவிடுவது இன்னொன்று. மாதத் தக்கவைப்பான 98.16%-ஐ மாற்றிவிட்டு, தள்ளுபடியை மறந்து 12%-ஆகவே விட்டால் விடை 674 என்று விழும். இப்படி ஒரு தொகை திடீரென்று வந்தால் முதலில் அலகுகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் வேலை, அந்த 500 பேரைச் சேர்ந்த தேதிப்படி பிரித்து மேலே உள்ள அட்டவணையை உங்கள் எண்களால் நிரப்புவது. மூன்றாவது வரியில் ஐந்தாறு வருடம் ஆனவர்கள் இருந்தால் அவர்களைத் தனியாகவும் பாருங்கள். 86% அங்கேயும் அப்படியே நிற்கிறதா, இன்னும் ஏறுகிறதா என்று தெரியும். முதல் வரி 60-க்கு மேல் இருந்தால் 2,900 செலவழிக்கத் தயங்க வேண்டாம். 54-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் இப்போதைய செலவைத் தொடரலாம், ஏற்றக் கூடாது. 54-க்குக் கீழே இருந்தால், அந்த ஆட்கள் எந்த விளம்பரம் வழியாக வந்தார்கள் என்று பார்த்து, முதலில் அதை நிறுத்துங்கள்.